2B-யில் வராத பிப்ரவரி பில்: சப்ளையர் எப்படித் திருத்த வேண்டும்?

வணக்கம். கரூரில் தலையணை உறை, பெட்ஷீட் தைக்கும் சிறிய யூனிட் எங்களுடையது. 2025 பிப்ரவரி 11 தேதியிட்ட பாலிதீன் கவர் பில் ஒன்று இன்னும் GSTR-2B-யில் வரவில்லை. மதிப்பு 1,20,000, வரி 18 சதவீதம், அதாவது 21,600 ரூபாய். சப்ளையரும் தமிழ்நாடுதான், மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர்.

பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு மாத 2B-யும் பார்த்தாயிற்று. 2A-யிலும் இல்லை. பில்லில் எங்கள் ஜிஎஸ்டி எண் சரியாகவே இருக்கிறது. கடைசியில் அவருடைய GSTR-1 நகலை வாங்கிப் பார்த்தால், இந்த விற்பனை டேபிள் 7-இல், B2C மொத்தத்தோடு கலந்து கிடக்கிறது. அங்கே பில் வாரியாக எதுவும் இருக்காது, பிறகு எங்களுக்கு எப்படி வரும்? "வரி கட்டியாச்சு, நீங்க இன்புட் கிரெடிட் எடுத்துக்கோங்க" என்கிறார் அவர் கணக்காளர். 2B-யில் இல்லாமல் கிரெடிட் எடுக்க ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 16(2)(aa) விடாது என்கிறார் எங்கள் ஆடிட்டர்.

2024-25 பில்லுக்கு கிரெடிட் எடுக்க 2025 நவம்பர் 30 கடைசி. அக்டோபர் GSTR-1-இல் சரிசெய்தால்தான் நவம்பர் 14-ஆம் தேதி 2B-யில் வரும்.

அந்த GSTR-1-இல் டேபிள் 10 வழியாக பிப்ரவரி B2C தொகையைக் குறைத்து, இதே பில்லைப் பழைய தேதியோடு டேபிள் 4-இல் ஏற்றினால் போர்ட்டல் ஏற்கிறதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.