போட்டோவில் 10, டைப் செய்தால் 9/2, புத்தகத்தில் 9

கோபிக்காரர்: ஏனுங்க, அவசரம். மகளுக்கு நாளைக்குப் பரீட்சை. நோட்டில் எழுதிய கணக்கைப் போட்டோ எடுத்தால் ஆப் 10 என்கிறது. டைப் செய்தால் 9/2. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 9. எதை நம்புவது?

ஈரோட்டுத் தம்பி: கணக்கையே போடலையே அண்ணா! எப்படி டைப் செய்தீங்க?

பழைய வாத்தியார்: பேனாவில் போட்டால் இரண்டு நிமிடக் கணக்கு. அதற்கொரு போட்டோ. இங்கே எத்தனை தடவை சொல்வது?

பொள்ளாச்சி அக்கா: கோடு போட்ட நோட்டுதானே? அந்த நீலக் கோட்டைக் கழித்தல் குறியாக எடுத்துக்கொள்ளும். வெள்ளைத் தாளில் எழுதி, நிழல் விழாமல் எடுங்க. சரியாகிவிடும்.

கோபிக்காரர்: வெள்ளைத் தாளிலும் 10தானுங்க. மேலே x−3, நடுவில் கோடு, கீழே 2, பக்கத்தில் +1, அப்புறம் =4. டைப் செய்தது x-3/2+1=4.

டியூஷன் அக்கா, மேட்டுப்பாளையம்: விடைகளே காட்டிக்கொடுக்கின்றன. 10 எப்போது வரும்? +1-உம் பின்னக் கோட்டுக்கு மேலே போனால்தான். x−3+1 மொத்தத்தையும் 2 வகுக்கிறது, அதாவது x−2=8. பாப்பா பின்னக் கோட்டை நீளமாக இழுத்து, +1-ஐச் சற்று மேலே எழுதியிருப்பாள். எழுத்தெல்லாம் சரியாகத்தான் படிக்கப்பட்டிருக்கிறது. எது எதோடு சேரும் என்பதில்தான் தப்பு.

டைப் செய்தால் அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் ஒரே வரியில் எழுதும்போது பின்னக் கோடு போய்விடுகிறது, அதன் வேலையை அடைப்புக்குறி செய்ய வேண்டும். நீங்கள் போடாததால் 3 மட்டும் வகுபட்டது.

```
x-3/2+1=4      x = 9/2
(x-3)/2+1=4    x = 9
```

விடையைப் பார்க்கும் முன், ஆப் தான் படித்த சமன்பாட்டைத் திரையில் காட்டும். அதை நோட்டோடு ஒப்பிடுங்க.

மில் கணக்குப்பிள்ளை: எனக்கும் இதே தொல்லை. எக்செல்லில் `=-3^2` போட்டால் 9. சயின்டிஃபிக் கால்குலேட்டரில் -9.

பழைய வாத்தியார்: -9தான் சரி. உங்கள் எக்செல் கெட்டுவிட்டது.

டியூஷன் அக்கா, மேட்டுப்பாளையம்: கெடவில்லை ஐயா. அதன் விதிப்படி முன்னால் நிற்கும் கழித்தல் குறி அடுக்குக்கு முந்தியே சேர்ந்துவிடும். `=0-3^2` போட்டால் அங்கேயும் -9தான்.

பழைய வாத்தியார்: அப்படியொரு விதியா? நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பொள்ளாச்சி அக்கா: கோட்டு நோட்டைப் பற்றி நான் சொன்னதும் பொய்யில்லை. என் பையனுக்கு அதனால் ஒரு கழித்தல் குறி கூடுதலாக வந்தது.

கோபிக்காரர்: கோட்டைச் சுருக்கி, +1-ஐத் தள்ளி, = குறிக்கு நேராக எழுதினோம். 9 வந்துவிட்டது. ஆனால் அடுத்த கணக்கில் அவள் எழுதும் z-ஐ 2 என்று படிக்கிறது. கரண்ட் போய்விட்டது, அப்புறம் வருகிறேன்.

டியூஷன் அக்கா, மேட்டுப்பாளையம்: z-க்கு நடுவில் சின்னதாகக் குறுக்குக் கோடு போடச் சொல்லுங்க.

ஈரோட்டுத் தம்பி: நான் அப்படிப் போட்டால் 7 ஆகிவிடுகிறதே அக்கா?