கண்ட்ரோலர் விளக்கு அணையவே இல்லை, கம்ப்ரசர் மட்டும் நின்று நின்று ஓடியது

நாகை மீன்காரன்
மைனஸ் 18-ல் ஓடும் சின்ன மீன் அறை எங்களுடையது. போன மாதம் விடியற்காலை லோடு ஏற்றும்போது வெளியே காண்டாக்டர் நிமிஷத்துக்கு ஒரு தடவை ‘டக், டக்’ என்று அடித்தது, கம்ப்ரசர் இருபது முப்பது விநாடி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கண்ட்ரோலரில் AC 3 நிமிஷம் என்று நானே வைத்தது, அப்படியானால் நின்றபின் மூன்று நிமிஷம் எழும்பக்கூடாது இல்லையா? யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

கோவை ராஜா
கம்ப்ரசர் நிற்கும் டிகிரிக்கும் மறுபடி ஓடும் டிகிரிக்கும் இடைவெளி, அந்த Hy எவ்வளவு? 2 டிகிரி இருந்தால் 5 ஆக்குங்கள், அடிக்கடி ஓடுவது நிற்கும். எனக்கு அப்படித்தான் சரியானது.

பழைய மெக்கானிக்
தம்பி, கம்ப்ரசரை நிறுத்துவது கண்ட்ரோலராக இருந்தால் ராஜா சொல்வது வேலை செய்யும். முதலில் ஒன்று பாருங்கள்: காண்டாக்டர் அடிக்கும்போது கண்ட்ரோலரில் கம்ப்ரசர் விளக்கு அணைகிறதா, எரிந்துகொண்டே இருக்கிறதா?

நாகை மீன்காரன்
எரிந்துகொண்டே இருந்தது அண்ணே. இப்போதுதான் உறைக்கிறது.

பழைய மெக்கானிக்
அப்படியானால் அதன் ரிலே திறக்கவே இல்லை. ரிலேயிலிருந்து வரும் லைன் லோ பிரஷர் சுவிட்ச் வழியாகத்தான் காண்டாக்டர் காயிலுக்குப் போகிறது. வெட்டுவது அந்த சுவிட்ச். பிரஷர் இறங்கியதும் வெட்டும், கம்ப்ரசர் நின்றதும் பிரஷர் தானாக ஏறும், சுவிட்ச் ஒட்டும், உடனே ஓடும். AC கணக்கு தன் ரிலே திறந்த நேரத்திலிருந்துதான், நடுவில் வேறொருவன் வெட்டியது அதற்குத் தெரியாது. சக்‌ஷன் பிரஷர் ஏன் இறங்குகிறது என்பதுதான் கேள்வி. odc என்ன வைத்திருக்கிறீர்கள்?

நாகை மீன்காரன்
Fan. கதவு திறந்தால் காற்றாடி நிற்கட்டும், குளிர் வெளியே போகாது என்று எலக்ட்ரீஷியன் வைத்தார்.

பழைய மெக்கானிக்
அதுதான் வினை. கதவைத் திறந்து வைத்து லோடு ஏற்றுகிறீர்கள், காற்றாடி நின்றுவிட்டது, கம்ப்ரசர் மட்டும் இழுக்கிறது. அறைக்குள் குளிரூட்டும் காயில்மேல் காற்று போகாவிட்டால் கேஸ் கொதிக்கச் சூடு ஏது, பிரஷர் சரசரவென்று இறங்கிவிடும். F_C ஆக்கினால் இரண்டும் சேர்ந்து நிற்கும், ரிலேயும் திறக்கும், AC தன் வேலையைச் செய்யும். ஆனால் ஆட்கள் கதவுக்குக் கல் வைத்துவிட்டுப் போனால் அறை சூடாகும். அதற்காகக் கதவு அலாரம் doA 5 நிமிஷம், rrd ‘y’ வையுங்கள், அலாரம் அடித்தபின் கதவு திறந்திருந்தாலும் மறுபடி குளிரூட்டத் தொடங்கும்.

ஊட்டி காய்கறி
நாங்கள் கேரட்டுக்கு 2 டிகிரியில் ஓட்டுகிறோம், டிஃப்ராஸ்ட் ஹீட்டரே கிடையாது, கம்ப்ரசரை நிறுத்திக் காற்றாடியை ஓடவிட்டால் ஐஸ் தானே கரைந்துவிடும். நீங்களும் ஹீட்டரைக் கழற்றிவிட்டால் கரண்ட் பில் மிச்சம்.

பழைய மெக்கானிக்
உங்கள் அறைக் காற்று பூஜ்யத்துக்கு மேல், அதனால் கரைகிறது. அவர் அறையில் மைனஸ் 18 காற்றை ஊதி எதைக் கரைப்பது? ஹீட்டர் வேண்டும். அப்புறம் தம்பி, கதவு மூடியிருக்கும்போதும் காண்டாக்டர் அடிக்கிறதா?

நாகை மீன்காரன்
ஆமாம், ராத்திரியில் எப்போதாவது.

பழைய மெக்கானிக்
அப்படியானால் காயிலில் ஐஸ் அடைத்திருக்கும், காற்று போகாது, விளைவு அதேதான். கடலோர ஈரக் காற்று தினமும் உள்ளே வருகிறதே. ஒரு டிஃப்ராஸ்ட் முழுக்கப் பக்கத்தில் நின்று காயில் சென்சார் எவ்வளவு காட்டும்போது முடிகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

நாகை மீன்காரன் (மூன்று நாள் கழித்து)
நின்று பார்த்தேன். டிஃப்ராஸ்ட் முடியும் சூடு dtE 8 டிகிரி, அதிகபட்ச நேரம் MdF 20 நிமிஷம். 20 நிமிஷத்தில் சென்சார் 1 டிகிரிதான் காட்டியது, அதற்குள் நேரம் முடிந்து ஹீட்டர் அணைந்துவிட்டது. கவரைக் கழற்றினால் காயிலின் அடிப்பாதி முழுக்க ஐஸ் கட்டி, ஒவ்வொரு தடவையும் மிச்சம் மிச்சமாகச் சேர்ந்தது போல. தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட்டு MdF 40 ஆக்கினேன், இப்போது 27, 28 நிமிஷத்திலேயே 8 டிகிரி வந்து தானே முடிகிறது. odc-யும் மாற்றியாயிற்று. லோடு நேரத்தில் சத்தம் இல்லை.

பழைய மெக்கானிக்
நல்லது. காண்டாக்டர் காயில் லைனிலேயே தனியாக ஒரு 3 நிமிஷ டைமர் போட்டுவிடுங்கள், யார் வெட்டினாலும் அது தாமதிக்கும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊருக்கு அதுவும் உதவும்.

கோவை ராஜா
லோ பிரஷர் என்றால் கேஸ் கசிவாகவும் இருக்கலாமே, யாரும் கேட்கவில்லை.

நாகை மீன்காரன்
சைட் கிளாஸில் லேசாகக் குமிழ் தெரிகிறது, அதுவா என்று தெரியவில்லை, நேற்று ராத்திரி கதவு மூடியிருந்தும் இரண்டு தடவை அடித்தது. இன்னொன்று, அலாரம் ஏன் இத்தனை நாள் என் காதில் விழவில்லை என்று பார்த்தால், லோடு பையன்கள் பஸ்ஸர் ஓட்டைமேல் இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று ஒட்டி வைத்திருக்கிறார்கள்.