அம்மாவின் இடக்கண்ணை மீட்க வழி உண்டா?

அம்மாவின் இருபது வயதுக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஈரத்தில் கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது இடக்கண்ணும் கன்னத்தின் மேற்பகுதியும் உரிந்து வெறும் காகிதம் மட்டும் மிஞ்சியது. 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிட்டேன். மூக்கு, வாய், வலக்கண் எல்லாம் தெளிவாக உள்ளன.

துணைக்கு முப்பத்தைந்து வயதுப் படம் ஒன்று இருக்கிறது. முகம் அதே கோணம்தான், வெளிச்சம்தான் எதிர்ப்பக்கம். பழைய படத்தில் இடக்கண் நிழலில் இருந்திருக்க வேண்டும், இதிலோ பளிச்சென்று இருக்கிறது.

ஃபோட்டோஷாப்பில் அந்தக் கண்ணை அளவு பொருத்தி ஒட்டினேன். ஒட்டியது அப்பட்டமாகத் தெரிகிறது. பிறகு பழைய படத்தின் வலக்கண்ணையே இடவலமாகத் திருப்பி, இருட்டாக்கி வைத்தேன். நிழல் பொருந்தியது, ஆனால் அது அம்மா இல்லை. அவருடைய இட இமை சற்றுத் தாழ்ந்திருக்கும்; கருவிழியின் மேல்விளிம்பை லேசாக மறைக்கும். அந்தச் சாயல்தான் எனக்கு வேண்டும். கடைசியாக, நுண்விவரத்தையும் ஒளிநிழலையும் தனித்தனி லேயராகப் பிரித்து விவரத்தை மட்டும் எடுத்தேன். இமை மடிப்பின் நிழல் அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

எதிர்ப்பக்க வெளிச்சத்தில் எடுத்த கண்ணிலிருந்து இமையின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நிழலைப் பழைய படத்துக்கு ஏற்பப் புதிதாக அமைப்பது எப்படி?