லைக் குவிகிறது, ஓடர் வரவில்லை: போஸ்டில் எந்த வரியை மாற்றுவது?

உவர்மலைக்காரி

வணக்கம். அம்மாவும் நானும் வீட்டில் மிளகாய், மல்லி எல்லாம் வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து மிளகாய்த்தூள் விற்கிறோம். பேஸ்புக் பேஜில் வாராவாரம் போஸ்ட் போடுகிறேன். படம் நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நூற்றுக்கு மேல் லைக் விழுகிறது, "சூப்பர் தங்கச்சி", "வாழ்த்துகள்" என்று கொமன்ட் வருகிறது. இன்பாக்ஸைத் திறந்தால் யாரோ ஒருவர் "ஹாய்" போட்டிருப்பார், அவ்வளவுதான். கடைசியாகப் போட்டது இது:

"அம்மாவின் கைப்பக்குவத்தில் கமகமக்கும் வறுத்த மிளகாய்த்தூள்! இரசாயனம் கலக்காதது. பிடித்திருந்தால் லைக் பண்ணுங்கள், நண்பர்களுக்கும் ஷேர் பண்ணுங்கள். மேலதிக விபரங்களுக்கு இன்பாக்ஸ் வாருங்கள்."

போன் நம்பர் படத்தின் கீழ் மூலையில் இருக்கிறது. எங்கே பிழைக்கிறது?

கிண்ணியா தயிர்

தங்கச்சி, வசனத்தை விடுங்கள். காசு கொடுத்து பூஸ்ட் பண்ணாமல் இந்தக் காலத்தில் ஒன்றும் நடக்காது. நான் சின்னத் தொகைதான் போட்டேன், போஸ்ட் புல்மோட்டை வரை போய்ச் சேர்ந்தது. அதோடு "இன்று மட்டும்! முந்துங்கள்!" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், ஆட்கள் அவசரப்படுவார்கள்.

அச்சகத்து அண்ணன்

பூஸ்ட் பிழையில்லை, ஆனால் அது இரண்டாவது வேலை. பூஸ்ட் பண்ணும்போது என்ன வேண்டும் என்று பேஸ்புக் கேட்கும். அங்கே மெசேஜ் வேண்டும் என்று தெரிவு செய்யாமல் பொதுவாக விட்டால், லைக் போடும் பழக்கம் உள்ளவர்களாகத் தேடிக் காட்டும். காசு கொடுத்து இன்னும் லைக் வாங்கியதாகத்தான் முடியும். தயிர்த் தம்பி, புல்மோட்டையில் பார்த்தவர்களில் எத்தனை பேர் சட்டி வாங்கினார்கள்?

தங்கச்சியின் போஸ்டுக்கு வருகிறேன். அதில் வாசகரிடம் மூன்று வேலை சொல்லியிருக்கிறீர்கள்: லைக், ஷேர், இன்பாக்ஸ். மூன்றில் சுலபமானதைச் செய்துவிட்டு ஆள் போய்விடுகிறார். நீங்கள் முதலில் கேட்டதும் அதைத்தான். போதாததற்கு, "லைக் பண்ணுங்கள், ஷேர் பண்ணுங்கள்" என்று கெஞ்சும் போஸ்டுகளைக் கீழே தள்ளப்போவதாக பேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. ஆகவே அந்த வரியால் இரண்டு பக்கமும் நட்டம். வெட்டிவிடுங்கள்.

அடுத்தது "மேலதிக விபரங்களுக்கு". எந்த விபரம்? வாங்க நினைப்பவர் முதல் மெசேஜைத் தானே யோசித்து எழுதவேண்டும். விலை கேட்டால் கஞ்சன் என்று நினைப்பார்களோ, கேட்டுவிட்டு வாங்காமல் போனால் குறை நினைப்பார்களோ என்று தயங்குகிறார். அதனால்தான் "ஹாய்" வருகிறது. அவர் அனுப்பவேண்டிய சொல்லை நீங்களே கொடுங்கள். "வட்ஸ்அப்பில் 500 என்று மட்டும் அனுப்புங்கள், மிச்சத்தை நாங்கள் கேட்கிறோம்" என்றால் யோசிக்க ஒன்றுமில்லை.

மூன்றாவது அந்த நம்பர். படத்துக்குள் இருக்கும் நம்பரை அமத்தினால் ஒன்றும் நடக்காது. கடதாசியில் எழுதி வைத்து டயல் பண்ணுகிற அளவுக்கு மிளகாய்த்தூளில் ஒருவருக்கும் ஆசை வராது. எழுத்தாகப் போடுங்கள், வட்ஸ்அப் லிங்க் என்றால் இன்னும் நல்லது.

நிலாவெளி அறைகள்

எனக்கும் இதே பிரச்சினைதான். கடற்கரைக்குப் பக்கத்தில் நாலு அறை. சீசனில் மெசேஜ் நிறைய வருகிறது, "எவ்வளவு?" என்கிறார்கள், சொன்னதும் காணாமல் போகிறார்கள். கடைசி வரியில் என்ன போடலாம்?

அச்சகத்து அண்ணன்

உங்களுடையது வேறு அண்ணா. உங்களுக்கு மெசேஜ் வருகிறது, ஆகவே போஸ்டின் வரி தன் வேலையைச் செய்துவிட்டது. உடைவது நீங்கள் அனுப்பும் முதல் பதிலில். விலையை மட்டும் அனுப்பி நிறுத்தினால் பேச்சு அங்கேயே முடிகிறது. விலையோடு, ஒரு சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றையும் சேருங்கள்: "வெள்ளியா, சனியா வருகிறீர்கள்?" தங்கச்சிக்கு முதல் மெசேஜே வரவில்லை. இரண்டையும் குழப்பினால் மருந்து மாறிவிடும்.

வெள்ளவத்தை வாசகி

நான் விற்பவள் இல்லை, வாங்குகிறவள். இப்படியான போஸ்டுக்கு நானும் லைக் போட்டுவிட்டுப் போவதுண்டு, காரணம் சொல்கிறேன். விலை இல்லை. எத்தனை கிராம் பைக்கற் என்று இல்லை. கொழும்புக்கு அனுப்புவார்களா என்றும் தெரியாது. ஊர்ப்பிள்ளை ஒன்று ஏதோ செய்கிறது என்ற சந்தோஷத்தில் ஒரு லைக். விலை கேட்டு இன்பாக்ஸ் போனால் பிறகு வேண்டாம் என்று சொல்ல முகம் வராது.

உவர்மலைக்காரி

விலை போடாததற்குக் காரணம் இருக்கிறது அக்கா. கடைப் பைக்கற்றோடு ஒப்பிட்டால் எங்களுடையது கூட. 500 கிராம் 1,250 ரூபாய். விலையைப் பார்த்ததும் ஓடிவிடுவார்களே. இன்பாக்ஸுக்கு வந்தால் ஏன் அந்த விலை என்று விளக்கலாம். இன்னொன்று, லைக் போடுகிறவர்களில் பாதிப்பேர் கனடா, லண்டனில் உள்ள சொந்தக்காரர். அவர்களுக்கு நான் அனுப்ப முடியாது.

அச்சகத்து அண்ணன்

இரண்டாவதிலிருந்து தொடங்குவோம். வெளிநாட்டில் இருப்பவர் வாங்கமாட்டார், ஆனால் அவருடைய அக்கா லிங்கநகரில் இருப்பார். "திருகோணமலையில் உள்ள வீட்டாருக்குக் கொடுக்க வேண்டுமா? அவர்களின் நம்பரை அனுப்புங்கள்" என்று ஒரு போஸ்டில் தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஆனால் வழமையான போஸ்டில் இதைக் கலக்காதீர்கள். ஒரு போஸ்டுக்கு ஒரு வேண்டுகோள்தான்.

விலை விஷயத்தில் என் கருத்து, போடுங்கள். விலையைப் பார்த்து ஓடுகிறவர் இன்பாக்ஸில் கேட்டபிறகும் ஓடத்தான் போகிறார், அதற்குள் உங்கள் நேரமும் போயிருக்கும். ஆனால் விலை மொட்டையாக நிற்கக்கூடாது, காரணம் பக்கத்திலேயே இருக்கவேண்டும். நீங்கள் எந்த நாளில் வறுக்கிறீர்கள்?

உவர்மலைக்காரி

வியாழன் காலை வறுத்து, பின்னேரம் மில்லுக்குக் கொண்டுபோவோம். வெள்ளி பைக்கற் பண்ணுவோம்.

அச்சகத்து அண்ணன்

பிறகென்ன, அவசரம் உங்கள் கையிலேயே இருக்கிறது. "இன்று மட்டும்" என்று பொய் சொல்லத் தேவையில்லை. அதை எழுதிவிட்டு அடுத்த நாளும் அதையே போட்டால் இந்தச் சின்ன ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். வியாழன் வறுப்பதால் புதன் இரவோடு கணக்கு முடிகிறது என்பது உண்மையான காரணம். இப்படி எழுதிப் பாருங்கள்:

"இந்த வியாழன் வறுக்கும் மிளகாய்த்தூள், 500 கிராம் 1,250 ரூபாய். சொன்னவர்களின் அளவுக்கு மட்டும் வறுப்பதால் பழைய தூள் கலக்காது. வேண்டுமென்றால் புதன் இரவு 8 மணிக்குள் வட்ஸ்அப்பில் 500 என்று அனுப்புங்கள். சனிக்கிழமை நகரம், உவர்மலை, உப்புவெளி, நிலாவெளிக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம், காசு கையில் தரலாம்."

அம்மாவின் கைப்பக்குவம், கமகமப்பு எல்லாம் இதற்குக் கீழே வரட்டும். போனில் பார்க்கும்போது முதல் சில வரிகளோடு See more என்று மடிந்துவிடும். உங்கள் போஸ்டில் வேண்டுகோள் அந்த மடிப்புக்குள் கிடந்தது. வர்ணனையை மட்டும் வாசித்தவர் லைக் போடாமல் வேறென்ன செய்வார்?

கிண்ணியா தயிர்

காசு கையில் என்று போட்டால் கொண்டுபோன பிறகு "வேண்டாம்" என்பார்கள். எனக்கு நடந்திருக்கிறது, தயிர் திரும்பி வந்தால் யாருக்கு?

அச்சகத்து அண்ணன்

தயிருக்கு அது சரியான பயம். தூள் திரும்பி வந்தாலும் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம். நகரத்துக்கு வெளியே கொரியரில் போவதற்கு முன்பணம் வாங்குவது நல்லது. ஆனால் அதைப் போஸ்டில் எழுதாமல் பதிலில் சொல்லுங்கள், போஸ்ட் சட்டப் புத்தகம் மாதிரி ஆகிவிடும்.

உவர்மலைக்காரி

அண்ணா, அப்படியே போட்டேன். லிங்க் வேலை செய்யவில்லை! அமத்தினால் நம்பர் பிழை என்று வருகிறது. `https://wa.me/94077XXXXXXX` என்றுதான் போட்டிருக்கிறேன்.

அச்சகத்து அண்ணன்

94க்குப் பிறகு 0 வரக்கூடாது. கூட்டல் குறி, இடைவெளி, கோடு ஒன்றும் வேண்டாம்:

```
https://wa.me/9477XXXXXXX?text=500
```

கடைசியில் உள்ள text பகுதிதான் முக்கியம். அமத்தியதும் அவருடைய வட்ஸ்அப்பில் 500 என்று எழுதியபடியே திறக்கும், அவர் அனுப்பும் பொத்தானை மட்டும் தொடவேண்டும். அங்கே தமிழில் எழுதினால் லிங்க் நீளமான குறியீடாக மாறிப் பயமுறுத்தும், ஆகவே எண்ணோடு விடுங்கள். போஸ்ட் போட்ட பிறகு அம்மாவின் போனில் அமத்திப் பாருங்கள், உங்கள் போனில் அல்ல. இன்ஸ்டாகிராமில் போஸ்டுக்குக் கீழே எழுதும் லிங்க் அமத்தினாலும் திறக்காது. அங்கே ப்ரொபைலில் போட்டுவிட்டு "மேலே ப்ரொபைலில் லிங்க்" என்று சொல்லவேண்டும்.

இன்னொரு வேலையும் இதனால் ஆகும். பேஜில் 500 என்றும், ஊர்க் குழுவில் போடும்போது ஆங்கில எழுத்தில் thool500 என்றும் சொல்லை மாற்றுங்கள். வரும் மெசேஜைப் பார்த்தாலே எங்கிருந்து வந்தார் என்று தெரிந்துவிடும். லைக்கை எண்ணுவதை நிறுத்திவிட்டு இதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

உவர்மலைக்காரி

புதன் இரவுக்குள் பதினொரு பேர் 500 அனுப்பினார்கள், ஏழு பேர் உறுதிப்படுத்தினார்கள். லைக் முன்பைவிடப் பாதிகூட இல்லை, அம்மாவுக்கு அதுதான் கவலை. குழுவிலிருந்து வந்தவர்கள்தான் கூட. மிச்ச நாலு பேரும் நான் "எந்த இடம்?" என்று கேட்டதற்குப் பதிலே போடவில்லை. நான் இரவு பத்து மணிக்குத்தான் கேட்டேன், அதனாலா?

அச்சகத்து அண்ணன்

பெரும்பாலும் அதனால்தான். சனி விடிய ஒரு தடவை மட்டும் "ஒரு பைக்கற் மிச்சம் இருக்கிறது, கொண்டுவரவா?" என்று கேளுங்கள். மிச்சம் இருந்தால் மட்டும். வட்ஸ்அப் பிஸ்னஸில் முதல் பதிலை Quick replies பகுதியில் சேமித்து வைத்தால் / அடித்ததும் வரும், அடுப்படியில் நின்றபடியே அனுப்பலாம்.

நிலாவெளி அறைகள்

தங்கச்சிக்கு விலை போட்டு வேலை செய்ததற்காக எல்லாருக்கும் செய்யும் என்று நான் நம்பவில்லை. எனக்கு அறை விலை சீசனுக்குச் சீசன் மாறும், வார இறுதிக்கு வேறு. போஸ்டில் ஒரு விலையைப் போட்டால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஓகஸ்டில் வந்து சண்டை பிடிப்பார்கள்.

வெள்ளவத்தை வாசகி

"இந்த மாதம் இவ்வளவிலிருந்து" என்றாவது போடலாமே அண்ணா. ஒன்றுமே போடாத இடத்தை நான் கேட்பதே இல்லை. தங்கச்சி, கொழும்புக்குக் கொரியர் எவ்வளவு வரும்? எனக்கு 500 இரண்டு.