முதலாளி தந்த "லாபத்தில் பங்கு" கடிதம்: வாங்கினவங்க, கொடுத்தவங்க அனுபவம் சொல்லுங்க

அச்சகக்காரன்

வேற இடத்துல கூப்பிட்டாங்க, போறேன்னு சொன்னேன். மறுநாளே கவர் வந்துச்சு, முதலாளி கைப்பட எழுதினது. "இனி வருஷா வருஷம் நிகர லாபத்தில் பத்து சதவீதம் உனக்கு. நீ இல்லாமல் இந்த அச்சகம் இல்லை." அந்த ரெண்டாவது வரிக்காகத்தான் நின்னேன்.

வருஷக் கடைசியில கணக்குத் தாளை நீட்டினார். தொழில்ல வந்தது 100னு வைங்க. அதுல முதலாளி சம்பளம் 35, கட்டட வாடகை 25, அவங்க வீட்டம்மா போட்ட பணத்துக்கு வட்டி 15, மிஷின் தேய்மானம் 10. மிச்சம் 15. எனக்கு ஒன்றரை. கட்டடம் அவரோடதுதான். முந்தின வருஷக் கணக்குல வாடகைன்னு ஒரு வரியே கிடையாது. அந்த வரி மேல விரலை வெச்சுக்கிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். "கணக்குல நிக்கிறதுதானப்பா லாபம்"னார். கணக்கு எழுதுற பையன் தலையைத் தூக்கவே இல்ல.

ஒதுங்கி நிற்பவன்

அண்ணே, ஒன்றரையோட போச்சேன்னு நினைச்சுக்கோங்க. லாபத்துல பங்கு வாங்கினா நீங்க கூட்டாளி. நாளைக்குத் தொழில் கவுந்தா கடன்காரன் உங்க வீட்டு வாசலுக்கும் வருவான். எங்க சித்தப்பாவுக்கு இதே மாதிரி கடிதம் வந்தப்ப, மடிச்சு மேசை மேலயே வெச்சுட்டு "சம்பளம் மட்டும் போதுங்க"ன்னு வந்துட்டார்.

பேரேடு

முந்தின பதிவு பாதிதான் சரி. லாபத்துல பங்கு வாங்குறதாலயே ஒருத்தர் கூட்டாளி ஆகிட மாட்டார். இங்கிலாந்துல 1860-லயே காக்ஸ் எதிர் ஹிக்மன் வழக்குல இதைப் பேசித் தீர்த்தாங்க. அங்க லாபத்தை வாங்கினவங்க கடன் கொடுத்தவங்க, வேலைக்காரங்க இல்ல. ஆனாலும் கேள்வி ஒண்ணுதான்: தொழில் யாருக்காக, யார் சார்பா நடக்குது? முதல் போட்டு, பேங்க்ல கையெழுத்துப் போட்டு, வெளியாள்கிட்ட "நானும் முதலாளி"ன்னு சொல்லிக்கிட்டா கதை வேற. அதனால கடிதத்துலயே "இது ஊதியத்தின் பகுதி, நட்டத்தில் பொறுப்பு இல்லை"ன்னு ஒரு வரி இருக்கணும்.

அச்சகக்காரர் கணக்குக்கு வரேன். தேய்மானம் நியாயம், மிஷின் தேயத்தான் செய்யும். முதலாளியும் உட்கார்ந்து வேலை பார்த்தா அவர் சம்பளமும் நியாயம்தான், அளவு முன்னாடியே பேசியிருக்கணும். இடிக்கிறது வாடகை. கடிதம் கொடுத்த வருஷத்துல புதுசா முளைச்ச செலவு, அதுவும் முதலாளி வீட்டுக்கே போற செலவுன்னா அங்கதான் சந்தேகப்படணும். அந்த ஒரு வரியை எடுத்தாலே மிச்சம் 40, உங்க பங்கு 4.

"நிகர லாபம்"னு மட்டும் எழுதின கடிதத்தை நான் யாரையும் ஏத்துக்கச் சொல்ல மாட்டேன். "முந்தைய வருஷக் கணக்கு எந்த முறையில் போடப்பட்டதோ அதே முறையில், முதலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் போகும் வாடகை, வட்டியைக் கழிப்பதற்கு முன்"னு எழுதி வாங்குங்க. கணக்குப் புத்தகத்தைப் பார்க்குற உரிமை வேணும். ஒரு வருஷ நட்டத்தை அடுத்த வருஷ லாபத்துல கழிப்பாங்களான்னு கேளுங்க. வருஷ நடுவுல விலகினா அதுவரைக்குமான பங்கு உண்டா, அதையும் கேளுங்க. பலருக்கு அங்கதான் மொத்தமா போயிடுது.

பட்டறை அம்மா

நான் கடிதம் கொடுத்த பக்கம். எங்க தலைமை மேஸ்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். ரெண்டு தடவை படிச்சுட்டு, "லாபம் எப்ப வரும்னு உங்களுக்கே தெரியாதேம்மா, என் பொண்ணு ஃபீஸ் மாசாமாசம் வருதே"ன்னார். சம்பளத்தைத்தான் கூட்டிக் கேட்டார். என்னால கூட்ட முடியல, போயிட்டார். பேரேடு சார், எல்லா முதலாளியும் வாடகை வரி எழுதுறவங்க இல்ல. கையில ரொக்கம் இல்லாதப்ப நாங்க கொடுக்க முடிஞ்சது நாளைக்கு வரப்போற பணம் ஒண்ணுதான்.

மூணாம் மேசை

எனக்கு ஒழுங்கா வந்துக்கிட்டிருந்துச்சு, பெரியவர் இருந்தவரைக்கும். மகன் தொழிலை வேற ஒருத்தருக்கு வித்துட்டார். புது ஆளுகிட்ட கடிதத்தைக் காட்டினேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்துட்டு, "இதுல எங்க கம்பெனி பேர் இல்லையே"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார். பெரியவர் தன் பேர்ல கையெழுத்துப் போட்டிருந்தார், தொழில் பேர்ல இல்ல. இதுக்கு ஏதாவது வழி இருக்கா?

பேரேடு

விற்பனைப் பத்திரத்துல பழைய பாக்கி, ஊழியர் ஒப்பந்தத்தை எல்லாம் யார் ஏத்துக்கிட்டாங்கன்னு பார்க்கணும் மேடம். அதைப் பார்க்காம நான் எதுவும் சொல்ல முடியாது. வித்த தேதி வரைக்குமான பங்கைப் பழைய தரப்புகிட்ட எழுத்துல கேட்டு வைங்க.

அச்சகக்காரன்

பேரேடு சார் சொன்ன வாடகை வரியை அப்படியே எழுதி முதலாளி மேசையில வெச்சேன். "யோசிக்கிறேன்"னார். வேற இடத்துல இன்னும் ஆள் எடுக்கல. கூடவே, ஒன்றரையை வாங்கிக்கிட்டா அந்தக் கணக்கை நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமா?