பின் ஷாக்கை உயர்த்தியதும் ஹேண்டில் ஆடுகிறது: டிரெயிலை எப்படி மீட்பது?

வணக்கம். 17 அங்குலச் சக்கரம், 1350 மி.மீ. வீல்பேஸ் கொண்ட ஒரு நேக்கட் பைக். பழைய ஷாக்கை விட 10 மி.மீ. நீளமான ஷாக் போட்டதில் பின்பக்கம் ஏறக்குறைய 25 மி.மீ. உயர்ந்துவிட்டது. இப்போது வளைவில் சட்டென்று சாய்கிறது, ஆனால் 90 கி.மீ. தாண்டினால் ஹேண்டில் நடுங்குகிறது. கோன் செட், டயர் காற்று, வீல் பேலன்ஸ் எல்லாம் பார்த்தாயிற்று, சரியாகவே உள்ளன.

என் கணக்கு இது. ரேக் என்பது ஸ்டீயரிங் அச்சு செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம். அந்த அச்சை நீட்டினால் தரையைத் தொடும் புள்ளிக்கும், அதற்குப் பின்னால் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரமே டிரெயில். சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து நேராக்குவது அதுதான். சக்கர ஆரம் 300, ஸ்டீயரிங் அச்சுக்கு முன்னால் சக்கர அச்சு தள்ளி இருக்கும் தூரமான ஆஃப்செட் 35 மி.மீ. என்று வைத்தால், ரேக் 26-இலிருந்து 25 டிகிரிக்கு இறங்கும்போது டிரெயில் 107-இலிருந்து 101 மி.மீ. ஆகிறது. பிரேக்கில் முன்பக்கம் அமுங்கினால் இன்னும் குறையும்.

ஃபோர்க் குழாய், அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பான மேல் டீக்கு மேலே 8 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சமமாக இறக்கினால் 2 மி.மீ. டிரெயில்தான் திரும்பும். ஆஃப்செட் 5 மி.மீ. குறைந்த டீ போட்டால் ரேக் மாறாமல் 5 மி.மீ.க்கு மேல் கிடைக்கும், வீல்பேஸ் கொஞ்சம் குறையும். செயின் அட்ஜஸ்டரில் பின் அச்சைத் தள்ளி வீல்பேஸை நீட்டினால் நேர்கோட்டில் நிதானம் கூடலாம், ஆனால் டிரெயில் மாறாதே!

டீ மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டில் கனமாகிறதா? டேம்பர் போடச் சொல்லாதீர்கள், அது நடுக்கத்தை மறைக்கும், காரணம் அப்படியே இருக்கும்.