நேர்காணல் முடிந்தபின் ஸ்லைடைத் திருத்தி அனுப்பலாமா?

கிண்டிவாசி: உணவு நிறுவனம் ஒன்றில் மேலாளர் பணிக்கான நேர்காணல். இட்லி மாவு விநியோகத் திட்டம் ஒன்றை நேற்று விளக்கினேன். ஒரு கிலோ பாக்கெட்டைக் கடைக்கு 60 ரூபாய்க்குத் தருகிறோம். தயாரிப்புக்கு 38, விநியோகத்துக்கு 12, மிச்சம் 10 என்பது ஏழாவது ஸ்லைடு. "விற்காமல் திரும்பி வந்தால்?" என்று குழுவில் ஒருவர் கேட்டார், திணறிவிட்டேன். ஸ்லைடுகளையும் சுருக்கத்தையும் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி வகுப்பு நடத்தும் ஒருவர், "ஏழாவதைச் சத்தமில்லாமல் மாற்றி அனுப்பு" என்கிறார். செய்யலாமா?

பழைய மேலாளர்: அந்தப் பயிற்சியாளர் ஒரு நாளாவது குழுவில் உட்கார்ந்திருப்பாரா? கேள்வி கேட்டவர் அந்த 10 ரூபாயைத்தான் குறித்து வைத்திருப்பார். கோப்பில் வேறு எண்ணைப் பார்த்தால் கணக்கைவிட ஆள் மீதுதான் சந்தேகம் வரும். காட்டிய ஸ்லைடு காட்டியபடியே போகட்டும். திருத்தம் சுருக்கத்தில் வர வேண்டும். 100 பாக்கெட்டில் 10 திரும்பினால் வரவு 5,400, செலவு அதே 5,000. மிச்சம் 1,000 அல்ல, 400. பாக்கெட்டுக்கு 4 ரூபாய். "நீங்கள் கேட்டதைச் சேர்த்தால் 10 என்பது 4 ஆகிறது, ஆகவே முதல் மாதம் குறைந்த கடைகளோடு தொடங்குவேன்" என்று இரண்டே வரி எழுதுங்கள்.

நேர்வழி: தப்பான ஸ்லைடை மறுபடி அனுப்பச் சொல்கிறீர்கள். நல்ல யோசனை ஐயா! ஏழாவதைத் திருத்தி, மூலையில் 'திருத்தப்பட்டது' என்று போட்டால் போதாதா?

பழைய மேலாளர்: சத்தமில்லாமல் மாற்றுவது பற்றித்தான் கேள்வி. நீங்கள் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள். அப்படியே குறிப்புப் போட்டாலும், மதிப்பெண் கொடுத்தது பழைய ஸ்லைடுக்கு. ஏழாவதைத் தொடாதீர்கள்.

தேர்வுநோக்கி: இருவரும் தவறு. நேர்காணலுக்குப் பிறகு எதையும் அனுப்பக் கூடாது. எந்த வடிவில் சிபாரிசு தேடினாலும் தகுதி நீக்கம் என்று அறிவிக்கைகளிலேயே போட்டிருக்கும்.

பழைய மேலாளர்: அது அரசுப் பணிக்கு. இங்கே கேட்டதே அவர்கள்தான். ஆனால் குழுவினர் ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து அனுப்பக் கூடாது என்ற அளவில் நீங்கள் சொல்வது சரி. நேர்காணலுக்கு அழைத்த மனிதவள அலுவலருக்கு ஒரே அஞ்சல். அதுவும் இன்றே, குழு கூடி முடிவெடுத்த பிறகு வருவதை யாரும் திறப்பதில்லை.

ஈரோட்டுக்காரி: என் கதையைக் கேளுங்கள். கேட்டார்களே என்று பவர்பாயிண்ட் கோப்பாகவே கொடுத்தேன். வேலை கிடைக்கவில்லை. சில மாதங்களில் என் திட்டம் அவர்கள் கடைகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்லைடே அனுப்பாதீர்கள், சுருக்கம் போதும்.

நேர்வழி: வழக்குப் போட்டிருக்கலாமே, பதிப்புரிமை இருக்கிறதே.

பழைய மேலாளர்: பதிப்புரிமை எழுதிய விதத்துக்குத்தான், யோசனைக்கு இல்லை. வாயால் சொன்னபோதே யோசனை கைமாறிவிட்டது சகோதரி. பவர்பாயிண்டாகக் கொடுத்ததுதான் உங்கள் பிழை. ஸ்லைடுக்கு அடியில் பேசுவதற்காக எழுதிய குறிப்புகளும், மறைத்து வைத்த ஸ்லைடுகளும் கூடவே போயிருக்கும். பி.டி.எஃப். ஆக்கி, அதையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும்.

ஈரோட்டுக்காரி: பிழை என்னுடையதா? திருடியவர்களுக்கு ஒரு வார்த்தை கிடையாது, எனக்கு மட்டும் பாடம். நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தவர் என்பது நன்றாகத் தெரிகிறது.

மாவுக்கடை: நூற்றுக்குப் பத்துதான் திரும்புமா? சித்திரை வெயிலில், குளிர்பெட்டியைக் கடைக்காரர் இரவில் அணைத்துவிட்டுப் போனால் மறுநாள் பாக்கெட் பலூனாக உப்பி நிற்கும். இருபது திரும்பினால் உங்கள் 4 ரூபாய் எங்கே?

பழைய மேலாளர்: வரவு 4,800, செலவு 5,000, நட்டம் 200. இதையும் சுருக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்தால், இந்தத் தொழிலை அறிந்தவர் என்று குழு நினைக்கும். ஆனால் ஏழாவது ஸ்லைடு...

நேர்வழி: தொடக் கூடாது, தெரியும்.

கிண்டிவாசி: சுருக்கம் எவ்வளவு நீளம் இருக்கலாம்? தனிக் கோப்பா?

பழைய மேலாளர்: அஞ்சலிலேயே எழுதுங்கள், கைபேசித் திரையில் ஒருமுறை தள்ளினால் முடிய வேண்டும். திட்டம் என்ன, குழு கேட்ட கேள்வி, அதற்குப் பதில். டிரைவ் இணைப்பு வேண்டாம். அனுமதி கேட்டு நின்றால் எந்தக் குழுவும் காத்திருக்காது.

நேர்வழி: நான் 'திருத்தப்பட்டது' என்று போட்டு அனுப்பித்தான் இப்போதைய வேலையில் இருக்கிறேன். அதையும் சொல்லி வைக்கிறேன்.

பழைய மேலாளர்: உங்களுக்குக் குழுவில் கணக்குப் பார்ப்பவர் யாரும் இல்லை போலிருக்கிறது.

மாவுக்கடை: இருபது என்பதே குறைவு ஐயா. ஒரு மே மாதம் எங்கள் கடைக்கு வந்து பாருங்கள்.